ஹூ, ஹூம்: ‘ஹிம்’ வைத்துப் பாருங்கள்

ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஹூ’வா, ‘ஹூம்’மா என்று கை தயங்கினால், அந்த இடத்தில் ‘ஹீ’, ‘ஹிம்’ இரண்டையும் பொருத்திப் பாருங்கள். ‘ஹீ’ பொருந்தினால் ‘ஹூ’. ‘ஹிம்’ பொருந்தினால் ‘ஹூம்’. இரண்டுமே ‘ம்’ என்று முடிவதால் மறக்காது. கேள்வியை முதலில் பதிலாகத் திருப்பிக்கொள்ளுங்கள். பதில் ‘யூ மெட் ஹிம்’ என்றால், கேள்வி ‘ஹூம் டிட் யூ மீட்?’

நன்றாக எழுதுபவர்களும் சறுக்குவது, நடுவில் ‘ஐ திங்க்’ நுழையும்போதுதான். ‘தி மேன் ஹூ ஐ திங்க் கால்டு’ என்பதில் ‘ஐ திங்க்’கை நீக்கிவிட்டுச் சோதித்தால் ‘ஹீ கால்டு’ என்று வரும். அங்கே ‘ஹூம்’ தவறு. ‘தி மேன் ஹூம் ஐ கால்டு’ வேறு: அழைத்தது நான், ‘ஐ கால்டு ஹிம்’. பேச்சில் கேள்வியை ‘ஹூ’ என்றே தொடங்குவது இயல்பு. அதைத் திருத்தத் தேவையில்லை என்பேன்.