உருவப்படத்தில் மூக்குக்கண்ணாடியை முழுசாக எடுப்பது எப்படி?

ஈரோடு, கோபி பக்கத்து ஸ்டுடியோக்களுக்கு அடிக்கடி வரும் வேலை இது. மாலை போட்டு மாட்ட பெரிய படம் வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல படத்தில் பெரியவர் கண்ணாடி போட்டிருக்கிறார். "தோட்டத்துல அப்பாரு கண்ணாடியே போட மாட்டாருங்க. அது இல்லாம இருந்தாத்தான் அவரு முகமாட்ட இருக்கும்" என்று பேரன் சொல்வார். அப்படி ஒரு படத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கல்யாண மண்டபத்தில் எடுத்தது, தடித்த கறுப்பு பிளாஸ்டிக் பிரேம், மைனஸ் 4 பவர். ஒரு பக்க லென்ஸில் டியூப்லைட் வெளிச்சம் கோடாக விழுந்திருக்கிறது. கன்னத்தில் பிரேமின் நிழல் இருக்கிறது. வேலை போட்டோஷாப்பில்.

கணினியில் உட்காரும் முன்பே பேரனிடம் ஒன்று கேளுங்கள்: "கண்ணாடி போடாத படம் வேற எதாச்சும் இருக்குதுங்களா? சின்னதா இருந்தாலும் பரவால்லீங்க." வெளிச்சம் முழு வெள்ளையாக அடித்த இடத்தில் கண்ணின் விவரம் பதிவாகவே இல்லை. எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. பழைய குடும்பப் படம் ஒன்று கிடைத்தால்கூட இமை எப்படி விழும், கருவிழி எவ்வளவு தெரியும் என்று பார்த்துச் செய்யலாம்.

முதலில் கண்ணின் அளவு

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். மைனஸ் லென்ஸ் கண்ணைச் சிறிதாகக் காட்டும். மைனஸ் 4 என்றால் சுமார் 5 விழுக்காடு. முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் லென்ஸுக்குள் தெரியும் கன்னத்து ஓரம் உள்ளே தள்ளி, வெளியே இருக்கும் ஓரத்தோடு சேராமல் படிக்கட்டுபோல நிற்கும். பிரேமை மட்டும் அழித்தால் கண் சுருங்கியும் முகம் ஒடுங்கியும் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் "என்னமோ மாதிரி இருக்குதுங்க" என்பார்கள். வெள்ளெழுத்துக்குப் போடும் பிளஸ் லென்ஸ் நேரெதிர், கண்ணைப் பெரிதாக்கும். அங்கே குறைக்க வேண்டும்.

லாசோ கருவியால் பிரேமின் உள்விளிம்பை ஒட்டி ஒரு லென்ஸை வளைத்துத் தேர்ந்தெடுங்கள். `Ctrl+J` அழுத்தினால் அது தனி லேயராக வரும். அப்புறம் `Ctrl+T`, அகலம் உயரம் இரண்டும் 105%. கருமணி பழைய இடத்திலேயே வந்து உட்காரும்படி நகர்த்துங்கள். மூலப்படத்தின் லேயருக்குத் திரும்பி, மற்ற லென்ஸுக்கும் இதேபோல. ஒடிந்து நின்ற கன்னத்து ஓரம் இப்போது ஏறக்குறைய நேராகிவிடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: பெரிதான தோல் பிரேமின் உள்பகுதியைக் கொஞ்சம் மூடிவிடுவதால், நாம் நிரப்ப வேண்டிய பட்டை ஒல்லியாகிறது.

நிழலை மூட வேண்டாம், வெளுக்க வையுங்கள்

கன்னத்து நிழலுக்குள் அவருடைய தோல் அப்படியே இருக்கிறது, இருட்டாக இருக்கிறது, அவ்வளவுதான். அதன் மேல் வேறு தோலை ஒட்டுவது வீண். ஒரு கர்வ்ஸ் லேயர் சேர்த்துக் கோட்டின் நடுவைச் சற்று மேலே தூக்குங்கள். மாஸ்க்கை `Ctrl+I` கொடுத்துக் கறுப்பாக்கி, நிழல் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால், 20 விழுக்காடு ஒபாசிட்டியில், மெல்ல மெல்லத் தடவுங்கள். கண்குழியின் இயற்கையான நிழலைத் தொட்டுவிடாதீர்கள். அது போனால் முகம் தட்டையாகிவிடும்.

பிரேம் இருந்த தோல்

இதற்கு மேலே புது வெற்று லேயர் ஒன்று போட்டு, குளோன் ஸ்டாம்ப்பை எடுத்து `Sample` என்பதில் `Current & Below` வையுங்கள். தொடக்கத்திலேயே ஹீலிங் பிரஷ்ஷை எடுக்கக் கூடாது. அது தடவும் இடத்தின் சுற்றுவட்ட நிறத்தை இழுத்துக் கலக்கும். பக்கத்தில் கறுப்பு பிரேம் இருந்தால் தோலில் சாம்பல் கறை படியும். குளோனால் கறுப்பு முழுவதையும் மூடிய பிறகுதான் ஹீலிங்.

மாதிரி எடுக்கும் இடம் முக்கியம். கீழ்விளிம்பை மூட அதற்கு நேர் கீழே, அதே வெளிச்சம் விழும் தோலில் `Alt` கிளிக் செய்யுங்கள். மூக்கின் தண்டு, மூக்கின் பக்கவாட்டு, கன்னம் ஆகிய மூன்றும் வேறு வேறு வெளிச்சம் வாங்குகின்றன. ஒன்றின் தோலை இன்னொன்றில் வைத்தால் மூக்கு வீங்கியதுபோல் ஆகும். பிரஷ்ஷின் ஹார்ட்னெஸ் 50 விழுக்காடு அளவில் இருக்கட்டும். மிகவும் மென்மையாக வைத்தால் ஒட்டிய ஓரமெல்லாம் மங்கி, ஒரு பட்டையாகத் தெரியும்.

பெரியவர் முகமென்றால் கண்ணோரச் சுருக்கங்கள் பிரேமுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும். ஒவ்வொரு சுருக்கமும் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பார்த்து, இடையில் கோட்டை இணையுங்கள். வழித்து வழுவழுப்பாக்கினால் நெற்றிக்கு எழுபது வயது, கண்ணுக்கு நாற்பது வயது ஆகிவிடும். மூக்கில் கண்ணாடி பதிந்த தழும்பை நான் பாதிதான் குறைப்பேன், அவர் முகத்தில் அதுவும் இருந்ததுதானே.

மேல்விளிம்பு புருவத்தை வெட்டியிருந்தால் அங்கே ஹீலிங் வேண்டவே வேண்டாம். சின்ன பிரஷ்ஷில், முடி வளரும் திசையிலேயே குளோன் செய்யுங்கள். காதுக்குப் போகும் காம்புக்கும் இதுவே முறை.

வெளிச்சம் அடித்த கண்

வெளிச்சம் புகைபோல லேசாக இருந்தால் உள்ளே கண் இருக்கிறது. கர்வ்ஸால் இருட்டாக்கி, லென்ஸின் கோட்டிங் தரும் பச்சைச் சாயலைக் குறைத்தால் போதும். நம் படத்தில் டியூப்லைட் கருவிழியின் மேல்பாதியை வெள்ளையாக்கிவிட்டது. பழைய படத்தில் போதுமான அளவு கண் கிடைத்தால் அதிலிருந்து விழியை மட்டும் எடுங்கள். சுற்றியுள்ள தோல் இளவயதுத் தோல், அது ஒட்டாது.

பழைய படம் மிகச் சிறியது என்றால், நன்றாக இருக்கும் மற்ற கண்ணின் விழியை நகலெடுத்து `Flip Horizontal` கொடுங்கள். கேமராவை நேராகப் பார்க்கும் முகத்தில்தான் இது சரி. பக்கவாட்டில் பார்த்தால் மாறுகண் ஆகிவிடும், அப்போது திருப்பாமலே வையுங்கள். இமையை நகலெடுக்கக் கூடாது. வயதானவர்களுக்கு இரண்டு இமையும் ஒரே மாதிரி தொங்குவதில்லை, அந்த வித்தியாசத்தில்தான் ஆள் அடையாளம் இருக்கிறது. விழியை அவருடைய சொந்த இமைக்கு அடியில் மாஸ்க் போட்டு நுழையுங்கள். திருப்பியதால் கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி எதிர்ப்பக்கம் போயிருக்கும். ஒரு கண்ணில் இடப்பக்க மேலே இருந்தால் மற்றதிலும் இடப்பக்க மேலேதான் இருக்க வேண்டும். பழையதை அழித்துச் சரியான இடத்தில் வையுங்கள்.

சரிபார்த்தல்

எல்லாவற்றுக்கும் மேலே, கோடு செங்குத்தாக ஏறும் கர்வ்ஸ் லேயர் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டால், ஒரே மரு இரண்டு இடத்தில் வந்ததும் நிழல் பட்டைகளும் வெளியே தெரிந்துவிடும். படத்தை இடவலமாகத் திருப்பியும் பாருங்கள், கோணல் உடனே கண்ணில் படும். 12×18 அங்குலத்தில் அச்சுக்குப் போகும் படம் என்றால் கண் பகுதியை மட்டும் அதே அளவில் ஒரு துண்டு அச்செடுத்து வீட்டாரிடம் காட்டுங்கள்.

இரண்டு கண்ணிலும் வெள்ளை அடித்து, வேறு படமும் இல்லையென்றால் இந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். மகனுடைய கண்ணை எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்பார்கள். வைத்தால் அது மகன் முகமாகத்தான் இருக்கும். கண்ணாடி அப்படியே இருக்கட்டும், வெளிச்சத்தை மட்டும் முடிந்தவரை தணித்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.