அனிமேஷன் குறும்படத்துக்கு நிறம் தேர்வது எப்படி: ஒரு மஞ்சள் கவுன், மூன்று வெளிச்சம்

ஒன்றரை நிமிடப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை காசிமேடு மீன் ஏலம், மதியம் வண்ணாரப்பேட்டைத் தெருவில் வியாபாரம், இரவு வீடு திரும்பல். கருஞ்சிவப்புப் புடவையில் ஆயா, மஞ்சள் கவுனில் பேத்தி, இருவர்தான் பாத்திரங்கள். ஷாட் ஒன்று இரண்டு, மூன்று விநாடிதான் நிற்கும். அதற்குள் பேத்தி எங்கே இருக்கிறாள் என்று பார்ப்பவர் கண் தேடிக்கொண்டிருந்தால் கதை நகராது.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் நிறத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். விடியலுக்கு நீலம், இரவுக்கு ஆரஞ்சு என்று தேர்ந்துவிட்டு, பிறகு பாத்திரத்தை அதன்மேல் வைக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எது வெளிச்சம், எது இருட்டு என்பது முதலில், நிறம் பிறகு.

படி 1: கறுப்பு வெள்ளைச் சோதனையைத் தயார் செய்யுங்கள்

இலவச மென்பொருளான கிரிட்டாவில் எல்லா லேயருக்கும் மேலே `Layer > Add > Add Filter Layer` கொடுத்து, `Desaturate` தேர்ந்து, அதில் `Luminosity (ITU-R BT.709)` வையுங்கள். இந்த லேயரின் கண் குறியை அழுத்தினால் படம் கறுப்பு வெள்ளை, மறுபடி அழுத்தினால் நிறம். வேலை முடியும்வரை இந்த லேயர் மேலேயே இருக்கட்டும்.

கலர் பெட்டியில் தெரியும் HSV-யின் V எண்ணை நம்ப வேண்டாம். முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் அங்கே V நூறுதான். நம் கண்ணுக்கோ மஞ்சள் பளிச்சென்றும் நீலம் கறுப்பை ஒட்டியும் தெரியும். அந்த ஃபில்டர் போடும் கணக்கு இது:

```
Y = 0.2126 R + 0.7152 G + 0.0722 B
```

இதில் பச்சைக்குத்தான் பெரும் பங்கு, நீலத்துக்கு மிகக் குறைவு. விடையை 255-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் மஞ்சளுக்கு 93, நீலத்துக்கு 7 வரும். இந்த எண்ணைத்தான் கீழே வெளிச்ச அளவு என்று சொல்கிறோம்.

கைக்கணக்காக ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பாத்திரத்துக்கும் அதன் நேர் பின்னால் இருப்பதற்கும் வெளிச்ச அளவில் 30 வித்தியாசமாவது வேண்டும். பின்னணிப் பொருட்களுக்குள் 15-க்கு மேல் போகக் கூடாது. போனால் படகும் கூடையும் பாத்திரத்தோடு போட்டி போடும்.

படி 2: காசிமேடு, விடியலுக்கு முன்

படகுகள் `#1F2A3C`, வானம் `#2B3A55`, ஈரத் தரை `#3E4C63`. வெளிச்ச அளவில் இவை 16, 22, 29. மூன்றும் நெருக்கமாக இருப்பது வேண்டுமென்றே செய்வதுதான். அந்த நேரத்துக் கூட்டமும் மசங்கலும் இந்த நெருக்கத்திலிருந்துதான் வருகின்றன. வெறும் நீலம் அதைத் தராது. நீலம் என்றாலே சோகம் என்ற பாடத்தை இங்கே மறந்துவிடலாம். ஏலம் நடக்கும் நேரத்தைவிடப் பரபரப்பான நேரம் அங்கே கிடையாது.

பேத்தியின் கவுன் பகலில் `#E8B92E`. அதை அப்படியே இங்கே வைத்தால் தனியாக வெட்டி ஒட்டியதுபோல் மிதக்கும். செறிவைக் குறைத்து, கொஞ்சம் மங்கலாக்கி `#C9A94A` ஆக்குங்கள். வெளிச்ச அளவு 66, தரை 29. பேத்தி தெளிவாகத் தெரிகிறாள்.

சிக்கல் ஆயாவிடம். இந்த வெளிச்சத்தில் அவர் புடவை `#4A2030`, அளவு 17. படகுக்கு முன்னால் போய் நின்றால் தலை மட்டும் மிதக்கும், உடம்பு இருக்காது. உடனே புடவையை வெளுப்பாக்கத் தோன்றும். வேண்டாம், அடுத்த காட்சியில் அது வேறு புடவையாகிவிடும். அவருக்குப் பின்னால் தரையில் ஒரு பல்பு வெளிச்சத்தைக் கொட்டுங்கள்: `#A8895A`, அளவு 55. இருண்ட உருவம் வெளிச்சத்தின் மேல் வந்துவிட்டது. நீலத்துக்கு நடுவே அந்த ஒரு இதமான திட்டு மனநிலையையும் பார்த்துக்கொள்கிறது.

படி 3: வண்ணாரப்பேட்டை, மதியம்

இங்கே கதை மாறுகிறது. வெயில் பட்ட சுண்ணாம்புச் சுவர் `#E6D3B0`, அளவு 83. மஞ்சள் கவுன் 73. வித்தியாசம் வெறும் 10. நிறத்தில் பார்க்கும்போது பரவாயில்லை என்று தோன்றும். ஃபில்டரைப் போட்டதும் பேத்தி சுவருக்குள் கரைந்துவிடுவாள். ஆயாவுக்கு இங்கே பிரச்சினையே இல்லை.

தீர்வு கவுனில் இல்லை, அவள் நிற்கும் இடத்தில் இருக்கிறது. தள்ளுவண்டிக்கு மேல் நீலத் தார்ப்பாய் கட்டி, அதன் நிழல் சுவரில் விழும்படி வரையுங்கள். நிழல் `#3F6478`, அளவு 37. பேத்தியை அதன் முன் நிறுத்தினால் வித்தியாசம் 36. தார்ப்பாய்க்கு வெளியே சுவரை இன்னும் வெளிறச் செய்தால் உச்சி வெயிலின் காந்தலும் கிடைக்கும். வெயில் காட்சி என்றால் எல்லா நிறத்தையும் செறிவாக்குவது பரவலான தப்பு. கடும் வெயில் நிறத்தை வெளுக்கவைக்கும். செறிவு நிழலில்தான் மிஞ்சும்.

படி 4: இரவு, சோடியம் விளக்கின் கீழ்

தெருக்களில் இப்போது வெள்ளை எல்.ஈ.டி. நிறைய வந்துவிட்டது. ஆனாலும் வீடு திரும்பும் அமைதிக்குப் பழைய ஆரஞ்சு விளக்கு நன்றாகவே உதவும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு லேயரில் `#FFB057` நிரப்பி, பிளெண்டிங் மோடை `Multiply` ஆக்குங்கள். கறுப்பு வெள்ளை ஃபில்டர் அதற்கும் மேலே இருக்க வேண்டும்.

இப்போது கவுன் `#E88010`, அதே சுண்ணாம்புச் சுவர் `#E6923C`. வெளிச்ச அளவு 56, 62. வித்தியாசம் 6. ஆரஞ்சுச் சுவரில் ஆரஞ்சுப் பெண். நீலத் தார்ப்பாயோ அழுக்குப் பச்சையாகிவிடும். அது தப்பில்லை, அந்த விளக்கில் நீலமே குறைவு, திரும்பி வர அதனிடம் ஒன்றும் இல்லை.

விளக்கின் வெளிச்சம் தெரு முழுக்கப் பரவுவதாக நினைத்ததால் வந்த வினை இது. வெளிச்சத்தைத் தரையில் ஒரு வட்டமாகச் சுருக்குங்கள். சுவர் அதற்கு வெளியே இருட்டில் போகட்டும்: `#3A2A22`, அளவு 18. பேத்திக்கு 38 வித்தியாசம் கிடைத்துவிட்டது. ஆயா சுவரை ஒட்டி நடந்தால் மறைந்துவிடுவார். அவருக்குப் பின்னால் வெளிச்ச வட்டம் வருமாறு, கேமராவைச் சற்று உயர்த்தி வையுங்கள். பிறகு தூரத்து டீக்கடையில் ஒரு ட்யூப் லைட்டை மட்டும் `Multiply` லேயருக்கு மேலே வரைந்து, லேசான பச்சை வெள்ளையாக விடுங்கள். அது இல்லாவிட்டால் ஃபிரேம் முழுக்க ஒரே காவியாகி, விளக்கு ஆரஞ்சு என்பதே கண்ணுக்கு உறைக்காது.

படி 5: சுருக்கிப் பாருங்கள்

மூன்று காட்சியிலிருந்தும் ஒவ்வொரு ஃபிரேமை 160×90 பிக்சலுக்குச் சுருக்கி வரிசையாக வையுங்கள். ஒரு விநாடியில் பேத்தியைக் காட்ட முடிகிறதா? முடியாத பெட்டிக்குத் திரும்புங்கள். அதையே போனில் திரையின் பிரைட்னஸைப் பாதியாக்கியும் பாருங்கள். விடியல் காட்சிதான் முதலில் அடிவாங்கும். படகும் வானமும் ஒட்டிப்போனால் வானத்தை 5, 6 அளவு ஏற்றலாம், தரையைத் தொட வேண்டாம்.

கடைசியாக, கவுனின் மூன்று மஞ்சளையும் மூன்று காட்சிக்கான தனித்தனி பேலட்டில் சேமித்து, பேலட்டுக்குக் காட்சியின் பெயரையே வையுங்கள். அனிமேஷன் செய்பவர் முந்தைய காட்சியிலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுத்தால், விடியல் மஞ்சள் மதியத்துக்கு வந்துவிடும். ஒரு ஃபிரேமில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஓடவிட்டால் கவுன் மினுக்மினுக்கென்று அடிக்கும்.