ஓவன் பிசுக்கும் செல்ஃப் கிளீன் பொத்தானும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாடகை வீட்டுக்குக் குடிபோகும் நம்மவர்களுக்கு, அடுப்போடு சேர்ந்த பெரிய ஓவன் பெரும்பாலும் வீட்டோடு வந்துவிடுகிறது. அதில் செல்ஃப் கிளீன், ஸ்டீம் கிளீன் என்ற பொத்தான்களில் ஒன்றோ இரண்டுமோ இருக்கும். ஒரே வேலையை ஒன்று கடுமையாகவும் மற்றது மென்மையாகவும் செய்கிறது என்று எண்ணிக்கொள்வதுதான் முதல் தவறு. முன்னது அழுக்கை எரிக்கிறது. பின்னது அதை ஊற மட்டுமே வைக்கிறது.

ஓவன் சுவரில் பழுப்பாக இறுகியிருப்பது இப்போது எண்ணெயே அல்ல. தோசைக்கல்லில் எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கும்போது, எண்ணெய் இறுகிக் கருப்புப் படலமாகக் கல்லோடு ஒட்டிக்கொள்கிறதே, அதே மாற்றம்தான் இங்கும் நடக்கிறது. கல்லில் நாம் வேண்டி வளர்க்கும் படலம், ஓவனில் வேண்டாத இடத்தில் வளர்ந்துவிடுகிறது. அது வார்னிஷ் போன்றது; தண்ணீரில் கரையாது.

ஆகவே, மாதக்கணக்கில் ஏறிய கறைக்கு ஸ்டீம் கிளீனை மீண்டும் மீண்டும் ஓட்டுவதில் பயனில்லை. ஓவனின் அடித்தளத்தில் ஒரு கோப்பை அளவு தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம்போல மிதமான சூட்டில் ஆவியாக்குவதுதான் அதன் முழு வேலை. நேற்று பொங்கி வழிந்த பால், புதிதாகத் தெறித்த நெய் ஆகியவை அதில் இளகும். அதையும் பிறகு நாம்தான் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

செல்ஃப் கிளீன் அப்படியல்ல. கதவைப் பூட்டிக்கொண்டு, உள்ளே ஏறத்தாழ 450 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் பிசுக்கைச் சாம்பலாக்கிவிடுகிறது. வேலை முடிந்தபின் ஒரு பிடிச் சாம்பலைத் துடைத்தால் போதும் என்பது உண்மைதான். ஆனால் எரியும் பிசுக்கு புகையையும் கார்பன் மோனாக்சைடையும் வெளியிடுகிறது. ஜன்னலைத் திறக்காமல் ஓட்டுவது, அடியில் தேங்கிய கொழுப்பை வழித்தெடுக்காமல் ஓட்டுவது, நான்-ஸ்டிக் பாத்திரத்தை உள்ளேயே மறந்துவிடுவது ஆகிய மூன்றும் ஆபத்தானவை. தேங்கிய கொழுப்பு தீப்பற்றக்கூடும். நான்-ஸ்டிக் பூச்சு சிதைந்து வெளிவிடும் புகை, வீட்டில் வளரும் கிளிகளைக் கொன்றுவிடும்.

ஓவனுக்கும் இது சோதனைதான். விருந்துக்கு முந்தின இரவு இதை ஓட்டிய ஒரு தவறு எனக்கும் உண்டு. காலையில் உள்ளே பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் திரை இருண்டு கிடந்தது. அளவு மீறிய சூட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்ப ஃபியூஸ் போய்விட்டதாகப் பழுதுபார்க்க வந்தவர் பின்பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டினார். அன்றைய சமையல் முழுவதும் மேலடுப்பிலேயே நடந்தது.

இறுகிய பிசுக்குக்கு நான் இப்போது நம்புவது சமையல் சோடாவையும் ஓர் இரவு நேரத்தையும்தான். அரைக் கோப்பை சோடாவில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, தோசை மாவை விடக் கெட்டியாகக் குழைத்துக்கொள்ள வேண்டும். ஓவன் முழுவதும் ஆறியபின், சூடேற்றும் கம்பிகளையும் கதவைச் சுற்றியுள்ள நார்ப்பட்டையையும் விட்டுவிட்டு, கறையின் மேல் தடிமனாகப் பூசிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விட வேண்டும். சோடா வலுக்குறைந்த காரம் என்பதால் ஈரமும் நேரமும் இருந்தால்தான் படலத்தை இளக்கும். பூச்சு காய்ந்தால் வேலை நின்றுவிடும். எனவே படுக்கப் போகுமுன் ஒருமுறை தண்ணீர் தெளிப்பது நல்லது. காலையில் பூச்சு பழுப்பேறியிருந்தால் பிசுக்கு இளகியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து, ஈரத் துணியால் துடைக்கலாம். மிகப் பழைய கறைக்கு இரண்டாம் முறையும் பூச வேண்டியிருக்கும்.

இங்கே பலர் சோடாவில் வினிகரைச் சேர்த்துக் குழைக்கிறார்கள். நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். வினிகருக்கு வேலை கடைசியில், துடைத்தபின் நிற்கும் வெள்ளைத் தடத்தை எடுப்பதில் மட்டுமே. கடையில் விற்கும் காஸ்டிக் சோடா கலந்த ஸ்பிரேயைச் செல்ஃப் கிளீன் வசதியுள்ள ஓவனுக்குள் அடிக்கக் கூடாது. எனாமல் பூச்சு கெடும், அடுத்த முறை சூடேறும்போது மிச்சமும் புகையும்.

கம்பித் தட்டுகளைத் தனியே எடுத்து, பழைய துண்டு விரித்த தொட்டியில் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெந்நீரில் இரவு முழுக்க ஊறப்போட்டால் போதும். அவற்றைத் தவறுதலாகச் செல்ஃப் கிளீனில் விட்டிருந்தால் பளபளப்புப் போய், இழுக்கும்போது கரகரக்கும். பளபளப்பு திரும்பாது, ஆனால் ஓரங்களில் சிறிது சமையல் எண்ணெய் தடவினால் முன்போலவே வழுக்கிச் செல்லும்.