சன்னி, ஷியா: பிரிவின் கதையைச் சொல்லும்போது எங்கே தவறுகிறோம்?

“முகம்மது நபி இறந்த அன்றே முஸ்லிம்கள் சன்னி, ஷியா என்று இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள்.” இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. இதில் விழுந்தால் அடுத்தடுத்த தவறுகளும் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும்.

632-லேயே இரண்டு கட்சிகளைத் தேடுவது

632-இல் மதீனாவில் நபிகள் காலமானபோது எழுந்தது அரசியல் கேள்வி: இனி சமூகத்துக்குத் தலைவர் யார்? மதீனாவாசிகளான அன்சாரிகள், பனூ சாயிதா குலத்தாரின் பந்தலில் கூடித் தங்களில் ஒருவரான சஅத் இப்னு உபாதாவைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தார்கள். செய்தி கிடைத்து, மக்காவிலிருந்து வந்த நபித்தோழர்களான அபூபக்கர், உமர், அபூ உபைதா மூவரும் அங்கே விரைந்தார்கள். வாக்குவாதத்தின் முடிவில் அபூபக்கர் கலீஃபா எனப்படும் தலைவரானார். நபியின் ஒன்றுவிட்ட தம்பியும் மருமகனுமான அலி அப்போது அங்கே இல்லை. உடலைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் வேலையில் குடும்பத்தாரோடு இருந்தார்.

ஆக, அந்தப் பந்தலில் நடந்த இழுபறி மக்காவாசிகளுக்கும் மதீனாவாசிகளுக்கும் இடையிலானது. தனக்குச் சொல்லாமல் முடிவெடுத்ததில் அலிக்கு வருத்தம் இருந்தது. தன் மனைவி ஃபாத்திமா இறக்கும்வரை, அதாவது சுமார் ஆறு மாதம், அவர் அபூபக்கரிடம் உறுதிமொழி அளிக்கவில்லை என்பதை சன்னிகளின் முதன்மை ஹதீஸ் தொகுப்பான புகாரியே பதிவு செய்திருக்கிறது. பிறகு அளித்தார். அபூபக்கர், உமர், உஸ்மான் ஆகியோருக்குப் பின் 656-இல் அவரே நான்காவது கலீஃபாவும் ஆனார்.

ஷியாக்கள் இதைப் பார்க்கும் விதம் வேறு. நபிகள் தம் கடைசி ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில், கதீர் கும் என்ற இடத்தில் அலியின் கையை உயர்த்திப் பிடித்து, “நான் யாருக்குத் தலைவனோ அவருக்கு அலியும் தலைவர்” என்ற பொருளில் பேசினார். இப்படி ஒரு சம்பவம் நடந்ததை சன்னி அறிஞர்களும் மறுப்பதில்லை. அலியின் மீது அன்பும் மரியாதையும் வையுங்கள் என்றுதான் நபி சொன்னார் என்பார்கள் அவர்கள். அது வெளிப்படையான வாரிசு நியமனம் என்பார்கள் ஷியாக்கள். எனவே, “ஷியாக்கள் கதீரைக் கற்பனை செய்தார்கள்” என்று எழுதுவதும் தவறு, “சன்னிகள் அதை மறைத்தார்கள்” என்று எழுதுவதும் தவறு.

‘ஷியா’ என்பதற்குக் கட்சி என்று பொருள். அந்தக் காலத்தில் அலியின் கட்சி இருந்ததுபோல உஸ்மானின் கட்சியும் இருந்தது. இன்று நாம் அறிந்த கோட்பாடுகளோடும் சட்ட நூல்களோடும் இரண்டு சமயப் பிரிவுகள் உருவாக அதற்குப் பிறகு இரண்டு மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

கர்பலாவை சன்னி–ஷியா போராக ஆக்குவது

எல்லாவற்றையும்விட அதிகக் குழப்பம் இங்கேதான்.

661-இல் இராக்கின் கூஃபா நகரப் பள்ளிவாசலில் அலி கொல்லப்பட்டார். கொன்றவர் சன்னி இல்லை. அலியின் படையிலிருந்தே பிரிந்துபோன காரிஜிகள் கூட்டத்தைச் சேர்ந்தவர். அலிக்குப் பின் வந்த மூத்த மகன் ஹசன், அலியை எதிர்த்து நின்ற சிரியா ஆளுநர் முஆவியாவிடம் ஆட்சியை ஒப்படைத்து ஒதுங்கினார். 680-இல் முஆவியா இறந்ததும் அவர் மகன் யஸீத் அரியணையேறினார். ஒரு கலீஃபா தன் மகனையே வாரிசாக நியமித்துப் பதவி கைமாறியது அதுவே முதல்முறை. அலியின் இளைய மகன் ஹுசைன் உறுதிமொழி அளிக்க மறுத்து மதீனாவை விட்டு மக்காவுக்குப் போனார். கூஃபா மக்கள், “வாருங்கள், உங்கள் பின்னால் நிற்கிறோம்” என்று கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதினார்கள்.

நிலைமையைப் பார்த்து வரத் தன் உறவினர் முஸ்லிம் இப்னு அகீலை ஹுசைன் அனுப்பினார். ஆயிரக்கணக்கானோர் ஆதரவு சொன்னார்கள். அப்புறம் யஸீதின் ஆளுநர் உபைதுல்லா இப்னு ஸியாத் வந்து மிரட்டலும் பணமும் காட்டியதும் அத்தனை பேரும் கலைந்துவிட்டார்கள். முஸ்லிமைப் பிடித்துக் கொன்றார்கள். அந்தச் செய்தி ஹுசைனுக்கு நடுவழியில்தான் கிடைத்தது. கர்பலா சமவெளியில் அவர் குழுவை வளைத்து, யூப்ரடீஸ் நதியிலிருந்து தண்ணீர் எடுக்க விடாமல் தடுத்தார்கள். ஹிஜ்ரி 61, முஹர்ரம் 10 அன்று, அதாவது 680 அக்டோபர் 10 அன்று, ஹுசைனும் அவருடைய ஆட்களும் கொல்லப்பட்டார்கள். மரபாகச் சொல்லப்படும் எண்ணிக்கை 72. நோயில் படுத்திருந்த மகன் அலீ ஸைனுல் ஆபிதீன் பிழைத்தார்.

எதிரில் நின்றவர்கள் யார்? பெரும்பாலும் கூஃபா படை, கடிதம் எழுதிய அதே ஊர். அதில் முக்கியமான ஷிம்ர் என்பவர், முன்பு முஆவியாவுக்கு எதிரான சிஃப்பீன் போரில் அலியின் பக்கம் நின்றவர். மறுபுறம், ஹுசைனை வழிமறிக்க அனுப்பப்பட்ட ஹுர் என்ற தளபதி, கடைசி நேரத்தில் ஹுசைனிடம் வந்து சேர்ந்து அவருக்காகவே உயிர்விட்டார். இதில் சன்னிப் படை எது, ஷியாப் படை எது என்று பிரிப்பது நடக்காத காரியம். அலியின் கட்சியை ஒரு சமயப் பிரிவாக மாற்றியதே கர்பலாதான் என்று சொல்லலாம். கைவிட்டோமே என்ற குற்றவுணர்வில் கூஃபாவில் ‘மனம் வருந்தியோர்’ என்ற இயக்கம் எழுந்தது. சில ஆண்டுகளில் அவர்கள் யஸீதின் வம்சமான உமையாக்களை எதிர்த்துப் போரிட்டுப் பெரும்பாலும் மடிந்தார்கள்.

சன்னிகள் யஸீதைக் கொண்டாடுகிறார்கள் என்பதும் இதோடு ஒட்டிய தவறு. சன்னிகளுக்கும் ஹுசைன் நபியின் அருமைப் பேரன். ஹசன், ஹுசைன் என்ற பெயர்கள் சன்னிக் குடும்பங்களிலும் எத்தனை இருக்கின்றன, பாருங்கள். யஸீதைச் சபிக்கலாமா கூடாதா என்பதில்தான் அவர்களின் அறிஞர்களுக்குள் விவாதம்.

“இனிய மொஹரம் வாழ்த்துகள்!”

ஒவ்வொரு ஆண்டும் யாராவது இப்படி அனுப்புகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் காலண்டரில் விடுமுறை விடப்படும் முஹர்ரம் 10, அதாவது ஆஷூரா, ஷியாக்களுக்குத் துக்க நாள். கறுப்பு உடுத்தி, மஜ்லிஸ் என்ற துக்கக் கூட்டம் கூடி, கர்பலாக் கதையைக் கேட்டு மார்பில் அடித்து அழும் நாள். வாழ்த்து அனுப்பினால் சங்கடம்தான் மிஞ்சும்.

அதே நாளில் சன்னிகள் நோன்பு வைப்பார்கள். அதற்கும் கர்பலாவுக்கும் தொடர்பில்லை. மூசா நபியை எகிப்து மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து இறைவன் காப்பாற்றிய நாள் என்பதற்கான நன்றி நோன்பு அது. 9-ஆம் நாளும் சேர்த்து வைப்பது வழக்கம். ஷியாக்கள் அன்று முழு நோன்பு வைப்பதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

ஷியா என்றாலே கத்தியால் தலையைக் கீறிக்கொள்பவர்கள் என்பது தொலைக்காட்சியும் பத்திரிகைப் படங்களும் ஏற்படுத்திய எண்ணம். பெரும்பாலோர் செய்வது கையால் மார்பில் அடித்துக்கொள்வது மட்டும்தான். ரத்தம் சிந்தும் வழக்கத்தை ஈரானின் காமெனி 1994-இல் கூடாது என்று அறிவித்தார். அதற்குப் பதில் ரத்த தானம் செய்கிற ஷியாக்கள் பல ஊர்களில் உண்டு. இந்தியாவில் முஹர்ரம் ஷியாக்களுக்கு மட்டுமே சொந்தமானதும் இல்லை. தஞ்சாவூர் அருகே காசவளநாடு புதூரில் இந்துக்களே கை வடிவப் பஞ்சாவை எடுத்து, தீமிதித்து, ‘அல்லா பண்டிகை’ என்று நடத்துகிறார்கள்.

தொழுகையைப் பார்த்து ஆளை எடைபோடுவது

ஒருவர் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டு நின்று தொழுகிறார். உடனே ஷியா என்று முடிவு கட்டாதீர்கள். மொராக்கோவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் மாலிக்கி மத்ஹப் என்ற சட்ட மரபைச் சேர்ந்த சன்னிகளில் பலர் அப்படித்தான் நிற்பார்கள்.

தொழுகையில் குனிந்து தரையில் நெற்றி வைக்கும் சஜ்தாவில், நெற்றி படும் இடத்தில் சிறிய மண்வில்லை இருந்தால் அது ஷியா வழக்கம்தான். “கல்லை வணங்குகிறார்கள்” என்ற வசை இங்கிருந்துதான் பிறக்கிறது. காரணம் எளிமையானது. நெற்றி மண்ணின் மீதோ, மண்ணில் விளைந்து உணவாகவோ உடையாகவோ பயன்படாத பொருளின் மீதோ பட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். கம்பளமும் துணியும் அந்தக் கணக்கில் வராது. வில்லை இல்லையென்றால் மரத்துண்டோ ஓலைப்பாயோ போதும். கர்பலா மண் சிறப்பு, கட்டாயமில்லை.

“ஷியாக்கள் மூன்று வேளைதான் தொழுவார்கள்” என்பதும் பாதி உண்மை. தொழுகை ஐந்துதான். நண்பகல் லுஹரையும் மாலை அஸரையும் ஒன்றன்பின் ஒன்றாகவும், அந்தி மஃரிபையும் இரவு இஷாவையும் அதேபோலவும் சேர்த்துத் தொழுவதால் மூன்று நேரமாகத் தெரிகிறது. பயணத்தில் சன்னிகளில் பலரும் சேர்த்துத் தொழுகிறார்கள். அன்றாடமே அப்படிச் செய்யலாமா என்பதில்தான் வேறுபாடு.

இந்த வேறுபாடுகளுக்கெல்லாம் வேர் ஒன்றே. நபி எப்படி வாழ்ந்தார் என்பதை யாரிடம் கேட்டறிவது? சன்னிகள் நபித்தோழர்கள் அனைவர் வழியாகவும் வந்த செய்திகளை எடுக்கிறார்கள். ஷியாக்கள் அலியில் தொடங்கி நபியின் குடும்ப வழியில் வந்த தலைவர்களான இமாம்களின் சொல்லையே ஆதாரமாகக் கொள்கிறார்கள். ரமலான் இரவில் கூட்டாகத் தொழும் தராவீஹ் உமர் ஒழுங்குபடுத்தியது என்பதால்தான் ஷியாப் பள்ளிவாசல்களில் அது கிடையாது. குர்ஆன் இருவருக்கும் ஒன்றே.

ஷியா என்றால் ஈரான் என்று நினைப்பது

1501-இல் ஷா இஸ்மாயில் தப்ரீஸில் ஆட்சிக்கு வந்து ஷியாவை அரச மதமாக்கும்வரை ஈரானில் பெரும்பாலோர் சன்னிகளே. மக்களுக்குப் புது வழியைக் கற்பிக்க லெபனானின் ஜபல் ஆமில் மலைப்பகுதியிலிருந்து அரபு ஷியா அறிஞர்களைத் தருவிக்க வேண்டியிருந்தது. ஷியாக்களின் புனித நகரங்களான நஜஃபும் கர்பலாவும் இன்றும் அரபு நாடான இராக்கில்தான் இருக்கின்றன. பாரசீகர் எதிர் அரபியர் என்ற சட்டகம் இதற்குப் பொருந்தாது.

ஷியாக்களும் ஒரே கூட்டம் இல்லை. பன்னிரண்டு இமாம்களை ஏற்போர்தான் பெரும்பான்மை. ஏமனின் ஸைதிகளும், ஆகா கானைப் பின்பற்றும் இஸ்மாயிலிகளும், போராக்களும் தனித்தனி மரபுகள். 2019-இல் தாவூதி போராக்களின் தலைவர் தமது முஹர்ரம் சொற்பொழிவுகளைக் கொழும்பில்தான் நடத்தினார். அவர்கள் பிறையைப் பார்த்து மாதத்தைத் தொடங்குவதில்லை, கணக்கிட்ட நாட்காட்டியை வைத்திருக்கிறார்கள். அதனால் நம் காலண்டரில் மொஹரம் விடுமுறை வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அவர்களுடைய ஆஷூரா முடிந்துவிடுவது வழக்கம்.