‘8-பிட்டுக்கு மாற்றினேன்’: நுண்ணோக்கிப் படக் குறிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“படங்களை ஃபிஜியில் திறந்தேன். 8-பிட்டுக்கு மாற்றினேன். த்ரெஷோல்டு போட்டு, சராசரி ஒளிர்வை அளந்தேன்.” சென்னையில் முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டில், ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் செய்த வேலைக்காக என் வழிகாட்டிக்கு நான் கொடுத்த செய்முறைக் குறிப்பு இவ்வளவுதான். மேடம் இரண்டாவது வாக்கியத்தின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, “எதுலேர்ந்து எதுவரைக்கும்மா மாத்தின?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்று ஜூனியர்கள் காட்டும் குறிப்புகளிலும் அதே வாக்கியம் விளக்கமில்லாமல் நிற்பதைப் பார்க்கிறேன்.

நம் கேமரா 12-பிட் என்றால் ஒரு பிக்சலின் மதிப்பு 0 முதல் 4095 வரை இருக்கலாம். அது 16-பிட் டிஃப் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. 8-பிட்டில் இடம் 0 முதல் 255 வரைதான். ஆகவே சுருக்கியாக வேண்டும். ஃபிஜி சுருக்குவது கேமராவின் முழு எல்லையை வைத்து அல்ல, அந்த நேரத்தில் திரையில் காட்டிக்கொண்டிருக்கும் எல்லையை வைத்து. சாதாரண 16-பிட் டிஃப்பைத் திறந்தால் அந்தப் படத்தின் மிகக் குறைந்த மதிப்பும் மிக அதிக மதிப்பும்தான் திரை எல்லையாக அமைகின்றன. திரையில் மட்டும் இருக்கும்வரை தரவுக்குக் கெடுதல் இல்லை. `8-bit` கொடுத்ததும் அந்த நீட்டல் பிக்சலிலேயே பதிந்துவிடுகிறது, அதுவும் படத்துக்குப் படம் வேறு அளவில்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மருந்து இடாத செல்களின் படத்தில் மதிப்புகள் 100 முதல் 900 வரை, மருந்து இட்டதில் 100 முதல் 3300 வரை என்று வைத்துக்கொள்வோம். பின்னணி இரண்டிலும் 100. முதல் படத்தில் ஒரு செல் 500, இரண்டாவதில் ஒரு செல் 1700. பின்னணியைக் கழித்தால் 400-உம் 1600-உம், அதாவது நான்கு மடங்கு வித்தியாசம். தானாக மாற விட்டால் முதல் செல் 400/800 × 255, இரண்டாவது 1600/3200 × 255. இரண்டுமே ஏறக்குறைய 128! மருந்தின் விளைவே காணாமல் போய்விட்டது. படத்தின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு தூசி இருந்தாலும் போதும், அதுவே அதிக மதிப்பாகி மற்ற எல்லாச் செல்களையும் மங்கலாக்கிவிடும்.

ஒரு படமாக இருந்தால் கண்ணில் படலாம். மேக்ரோ 96 படங்களை வரிசையாக ஓட்டும்போது யாரும் திறந்து பார்ப்பதில்லை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. `Set Measurements` பெட்டியில் `Min & max gray value` என்பதைத் தேர்ந்து, மாற்றிய படங்களை முழுப் படமாக அளந்து பாருங்கள். எல்லா வரிசையிலும் குறைந்தது 0, அதிகம் 255 என்று வந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நீட்டப்பட்டிருக்கிறது. என் அட்டவணை மேலிருந்து கீழ்வரை அப்படித்தான் இருந்தது. மூலக் கோப்புகளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன்.

ஒளிர்வை அளப்பதாக இருந்தால் மாற்றவே வேண்டாம், 16-பிட்டிலேயே அளந்துவிடலாம். வேறு காரணத்துக்காக மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் எல்லாப் படத்துக்கும் ஒரே எல்லையைக் கொடுங்கள்:

```
run("Conversions...", "scale");
setMinAndMax(100, 4095);
run("8-bit");
```

இப்போது அதே இரு செல்களும் ஏறக்குறைய 26, 102 என்று வரும். நான்கு மடங்கு அப்படியே இருக்கிறது.

ஒரு வெட்டுப்புள்ளிக்கு மேல் ஒளிரும் பிக்சல்களை மட்டும் பிரித்தெடுக்கும் த்ரெஷோல்டிலும் இதே சிக்கல்தான். ஓட்சு முறை ஒவ்வொரு படத்துக்கும் தனி வெட்டுப்புள்ளியைக் கணக்கிடும். நீலச் சாயமிட்ட உட்கருவின் எல்லையைக் கண்டுபிடிக்க அது பொருத்தமானது, ஏனென்றால் அங்கே நமக்கு வேண்டியது வடிவம். ஆனால் ‘எந்தச் செல் பச்சையாக ஒளிர்கிறது’ என்று தீர்மானிக்க அதைப் பயன்படுத்தினால் மங்கலான படத்திலும் ‘ஒளிரும்’ செல்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும். நான் உட்கருவை ஓட்சுவால் பிரித்து, அந்த எல்லைக்குள் பச்சை சேனலின் மூலப் படத்தை அளக்கிறேன்.

மேடத்திடம் திருத்திக் கொடுத்த குறிப்பு இப்படி இருந்தது: “மூலக் கோப்புகள் 16-பிட் டிஃப், கேமரா 12-பிட். உட்கருவை நீல சேனலில் படத்துக்குப் படம் ஓட்சுவால் பிரித்தேன். ஒளிர்வு பச்சை சேனலின் மாற்றாத படத்தில் அளந்தது. பின்னணி, செல் இல்லாத பகுதியின் சராசரி. காட்சிக்கான படங்கள் மட்டும் 100–4095 எல்லையில் 8-பிட் ஆக்கப்பட்டன. ஃபிஜி பதிப்பு எண்ணும் மேக்ரோவும் இணைப்பில்.”

படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “உள்ளே போனது 96, அட்டவணையில 93 வரிசைதான் இருக்கு. மூணு எங்க?” மூன்றும் ஃபோகஸ் தவறியவை. எந்தக் குழு என்று பார்க்காமல் முன்பே ஒதுக்கியிருந்தேன். அவற்றின் கோப்புப் பெயர்களையும் காரணத்தையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிச் சேர்த்தேன்.