மாணவர் விலையில் ஓட்டை விழும் இடங்கள்

காட்பாடியில் ஒரு பிரியாணிக் கடை என்று வைத்துக்கொள்வோம். பிளேட் 150 ரூபாய். அரிசி, கறி, கேஸ், இலை எல்லாம் சேர்த்து 90 போனால் 60 நிற்கும். மாணவர்களுக்கு 120 என்று பலகை வைத்தால் நிற்பது 30தான். ஏற்கெனவே தினம் 40 மாணவர்கள் முழு விலைக்குச் சாப்பிட்டிருந்தால், இனி 80 பேர் வந்தால்தான் பழைய 2,400 ரூபாயே கைக்கு வரும். ‘20 சதவீதம் குறைத்தோம், 20 சதவீதம் கூடுதலாக விற்றால் சரியாகிவிடும்’ என்று நினைப்பதுதான் முதல் தவறு.

100 மாணவர்கள் வருகிறார்கள் என்றே வைப்போம். வரவு 3,000, கூடுதல் 600. முழு விலை கொடுத்துவந்த, மாணவர் அல்லாத 20 பேர் மாணவர் விலையில் நுழைந்துவிட்டால், ஆளுக்கு 30 வீதம் அந்த 600ம் போச்சு. விலைப் பாகுபாடு என்பது, விலை குறைந்தால் மட்டுமே வருபவரை மற்றவரிடமிருந்து பிரிப்பது. வேலி இல்லையென்றால் அது வெறும் விலைக்குறைப்பு.

பார்சலுக்கும் மாணவர் விலை கொடுப்பது பெரிய ஓட்டை. ஒரு பையன் ஐந்து பார்சல் வாங்கிப் போனால், அதில் நான்கு யார் வாயில் விழும் என்று சொல்ல முடியாது. ஒரு கார்டுக்கு ஒரு பிளேட், உட்கார்ந்து சாப்பிட்டால் மட்டும் என்று வையுங்கள். நேரமும் மதியம் 3 முதல் 6 வரை போதும். ஒரு மணிக் கூட்டத்தில் மாணவர் பிடிக்கும் இருக்கையால் முழு விலைக்காரர் திரும்பிப் போனால், 60 வரவேண்டிய இடத்தில் 30தான் வரும்.

கார்டைத் தூக்கிக் காட்டினால் தலையாட்டுவதும் தவறு. படிப்பு முடிந்த பிறகும் கார்டு பையில் இருக்கும். விஐடி பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் சேர்ந்த ஆண்டு. 20 என்று தொடங்கும் நான்காண்டு பி.டெக் 2024லேயே முடிந்திருக்க வேண்டும்.

முதியோர் தள்ளுபடியில் வேறு சிக்கல். மருத்துவமனைப் பக்கம் நோயாளியோடு வந்த குடும்பம் எப்படியும் அருகிலேயே சாப்பிடும். விலை குறைத்ததால் வந்தவர்கள் அல்லர். அங்கே ஐந்து பேர் மேஜையில் தாத்தா ஒருவர் இருப்பதால் மொத்த பில்லிலும் கழிக்காதீர்கள். அவர் பிளேட்டுக்கு மட்டும் போதும். இரக்கத்துக்காகக் கொடுத்தால் தாராளமாகக் கொடுங்கள். தர்மக் கணக்கில் எழுதுங்கள், வியாபாரக் கணக்கில் வேண்டாம்.

கடைசியாக, கல்லா. வாடிக்கையாளர் 150 ரொக்கமாகத் தருகிறார்; பில்லில் ‘மாணவர் 120’ என்று ஏறுகிறது; 30 கல்லாவில் இருப்பவர் சட்டைப்பையில். இதைத் தடுக்க, பதிவு எண் அடிக்காமல் மாணவர் பில் விழாதபடி மென்பொருளை அமைத்து, பில்லை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். கண்டுபிடிக்க எளிய வழி கல்லூரி விடுமுறை: விடுதிகள் காலியான வாரத்திலும் மாணவர் பில் குறையவில்லை என்றால், எந்த ஷிஃப்டில் குறையவில்லை என்று பாருங்கள். அதே எண் ஒரே நாளில் நான்கு முறை வந்திருக்கிறதா என்றும் தேடுங்கள்.