எண்ணெயின் சோப்பாதல் மதிப்பு: மிச்சத்தை அளந்து கொழுப்பு அமிலத்தின் நிறையைக் கண்டுபிடிப்பது

ஒரு கிராம் கொழுப்பை முழுவதும் சோப்பாக மாற்ற எத்தனை மில்லிகிராம் KOH தேவைப்படுகிறதோ, அதுதான் அதன் சோப்பாதல் மதிப்பு. இந்தப் பதிவில் தேங்காய் எண்ணெயை வைத்து அதைக் கண்டுபிடித்து, அதில் உள்ள கொழுப்பு அமிலங்களின் சராசரி மோலார் நிறை வரை போகலாம்.

நேராக KOH சேர்த்துக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்த முடியாதா என்று தோன்றும். முடியாது. கொழுப்பும் காரமும் மெதுவாகத்தான் வினைபுரியும். சொட்டுக்கு ஒருமுறை அரை மணி நேரம் காத்திருக்க யாராலும் ஆகாது. அதனால் தேவைக்கு மேலேயே KOH சேர்த்து, கொதிக்கவைத்து, வினை முடிந்தபின் மிச்சமிருப்பதை HCl கொண்டு அளக்கிறோம். இதுதான் பின்தரம்பார்த்தல்.

கரைசல்கள்

எத்தனாலில் கரைத்த KOH, சுமார் 0.5 M. கூடவே செறிவு துல்லியமாகத் தெரிந்த HCl, அதுவும் 0.5 M அளவில். என் HCl-இன் செறிவு 0.5021 M. KOH-க்கு மட்டும் ஏன் 'சுமார்' போதும் என்பதைக் கணக்கில் பார்ப்போம்.

KOH-ஐத் தண்ணீரில் கரைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும், வினை நகராது. எத்தனாலில் இரண்டும் ஓரளவு கலக்கும். ஆனால் இந்தக் கரைசலை நாள்கணக்கில் வைத்திருந்தால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். பழுப்பான கரைசலில் பினாப்தலீனின் இளஞ்சிவப்பு மறைவது கண்ணுக்கே தெரியாது. புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு எண்ணெய்?

முதல்முறை செய்தபோது தாராளமாக 3 கிராம் எடுத்துவிட்டேன். கொதிக்கவைத்து இறக்கி, பினாப்தலீன் விட்டால் நிறமே வரவில்லை. கொஞ்ச நேரம் பாட்டிலைச் சந்தேகப்பட்டேன். காரணம் வேறு: 25 மி.லி. KOH-இல் இருப்பது ஏறக்குறைய 12.5 மில்லிமோல்தான், 3 கிராம் தேங்காய் எண்ணெய் 13 மில்லிமோலுக்கு மேல் கேட்கும். காரம் மொத்தமும் தீர்ந்துபோய், அளக்க மிச்சம் எதுவும் இல்லை.

சேர்த்த காரத்தில் ஏறக்குறைய பாதி மிச்சமாகும்படி எடுப்பது நல்லது. தேங்காய் எண்ணெய்க்கு 1.5 கிராம் சரியாக வரும். சூரியகாந்தி எண்ணெய் போன்றவை ஒரு கிராமுக்குக் குறைவான காரமே கேட்பவை, அவற்றுக்கு 2 கிராம் எடுக்கலாம்.

செய்முறை

குடுவையில் எண்ணெயை எடைபோடுங்கள். நான் எடுத்தது 1.482 கிராம். பிப்பெட்டால் 25 மி.லி. KOH கரைசலை விட்டு, இரண்டு மூன்று கொதிகற்களைப் போட்டு, மேலே குளிர்விப்பானைப் பொருத்துங்கள். பக்கத்திலேயே இன்னொரு குடுவை: அதே பிப்பெட், அதே 25 மி.லி., எண்ணெய் மட்டும் கிடையாது. இது பிளாங்க். இரண்டையும் ஒரே நேரம் கொதிக்கவிட வேண்டும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடும் குடுவையின் கண்ணாடியும் கொஞ்சம் காரத்தைத் தின்னும். பிளாங்க்கும் அதே பாடு பட்டிருந்தால்தான் கழிக்கும்போது அது நீங்கும்.

எத்தனால் தீப்பற்றும் என்பதால் திறந்த சுடர் வேண்டாம்; நீர்த்தொட்டியோ மின்சூட்டுத் தட்டோ போதும். சூடான காரம் கண்ணில் தெறித்தால் விபரீதம், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும். அப்புறம் குடுவையைச் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய்த் துளி எதுவும் இல்லாமல் ஒரே தெளிவான திரவமாக இருந்தால் சரி. துளிகள் தெரிந்தால் இன்னும் அரை மணி நேரம் கொடுங்கள்.

குளிர்விப்பானின் உள்சுவரைக் கொஞ்சம் எத்தனாலால் கழுவி இறக்கி, சூடு ஆறுவதற்குள் பினாப்தலீன் விட்டு HCl-ஆல் தரம்பார்க்க வேண்டும். ஆறவிட்டால் சோப்பு கூழாக உறையும், உள்ளே அமிலம் சரியாகக் கலக்காது. இளஞ்சிவப்பு மறையும் இடம்தான் முடிவு. எனக்குக் கிடைத்தவை:

```
பிளாங்க்          24.85 mL
எண்ணெய் குடுவை   11.35 mL
வித்தியாசம்       13.50 mL
```

எண்ணெய் இருந்த குடுவைக்குத்தான் குறைவான HCl போக வேண்டும். மாறி வந்தால் குடுவைகளை மாற்றிக் குறித்திருக்கிறீர்கள்.

கணக்கு

இந்த 13.50 மி.லி. என்பது எண்ணெய் எடுத்துக்கொண்ட காரத்துக்கு ஈடான HCl. KOH எவ்வளவு செறிவு என்பதே இதில் வரவில்லை, கவனித்தீர்களா? இரண்டு குடுவைக்கும் ஒரே கரைசல் போனதால் அது கழிந்துவிட்டது. HCl-இன் செறிவு மட்டும் பிழையில்லாமல் இருக்க வேண்டும்.

```
KOH = 13.50 × 0.5021 = 6.778 mmol
    = 6.778 × 56.11  = 380.3 mg
சோப்பாதல் மதிப்பு = 380.3 / 1.482 = 256.6
```

தேங்காய் எண்ணெய்க்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு 248 முதல் 265 வரை. உள்ளே இருக்கிறோம்.

அடுத்து மோலார் நிறை. ஒரு டிரைகிளிசரைடு மூலக்கூறில் மூன்று அமிலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு KOH. ஆகவே ஒரு மில்லிமோல் KOH-க்கு எத்தனை மில்லிகிராம் எண்ணெய் செலவானது என்று பார்த்தால், டிரைகிளிசரைடின் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும்.

```
1482 / 6.778 = 218.6
```

இதையே அமிலத்தின் நிறை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. இதில் கிளிசராலின் பங்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிளிசரால் 92.09, மூன்று அமிலங்கள் சேரும்போது மூன்று நீர் மூலக்கூறுகள், அதாவது 54.05, வெளியேறுகின்றன. மீதி 38.04. மூன்றால் வகுத்தால் ஓர் அமிலத்துக்கு 12.68.

```
218.6 − 12.68 = 205.9
```

லாரிக் அமிலம் 200.3, மிரிஸ்டிக் அமிலம் 228.4. தேங்காய் எண்ணெயில் லாரிக் தான் அதிகம் என்பதோடு இது பொருந்துகிறது. ஆனால் 206 கொண்ட அமிலம் ஒன்று உள்ளே இருப்பதாக நினைக்க வேண்டாம். சிறிய கேப்ரிலிக் முதல் பெரிய ஓலியிக் வரை பல அமிலங்களின் சராசரி இது. இரட்டைப் பிணைப்புகளையும் இது காட்டாது: ஓலியிக் 282, ஸ்டியரிக் 284, இந்தப் பியூரெட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்கு அயோடின் மதிப்பு வேண்டும்.

எண் சரியில்லை என்றால்

வினை முழுதாக முடியாவிட்டால் மிச்சக் காரம் கூடும், வித்தியாசம் குறையும், மோலார் நிறை ஏறும். மேலே உள்ள கணக்கில் 13.50-க்குப் பதில் 13.00 வந்திருந்தால் விடை 214 ஆகிவிடும். அரை மி.லி.-க்கு எட்டு அலகு! அதனால் நிறை எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால் முதலில் கொதித்த நேரத்தைச் சந்தேகப்படுங்கள். அதே எண்ணெயை இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தும் மதிப்பு மாறவில்லையென்றால், அடுத்த சந்தேகம் சோப்பாகாத பொருள்கள்: ஸ்டீரால்கள், அல்லது கனிம எண்ணெய்க் கலப்பு. அவை எடையில் சேரும், காரத்தைத் தொடாது.

பழைய, காறல் வாசம் வரும் எண்ணெயில் தனித்த அமிலங்கள் இருக்கும். அவையும் KOH-ஐ எடுத்துக்கொள்ளும், ஆனால் அவற்றோடு கிளிசரால் இல்லை. அப்போது 12.68 முழுவதையும் கழிப்பது தவறு. அமில மதிப்பைத் தனியாக அளந்து, சோப்பாதல் மதிப்பில் எஸ்டருக்கு உரிய பங்கு எவ்வளவோ அந்த அளவு மட்டும் கழிக்க வேண்டும். புதிய எண்ணெயில் அந்தத் திருத்தம் ஓர் அலகுக்கும் கீழேதான் இருக்கும், நான் விட்டுவிடுவேன்.